வேர்த்தூள் உரமல்ல: ஒட்சினும் கிபரலினும் செடிக்குள் செய்யும் வேலை

மலைநாட்டில் எந்த உரக்கடையிலும் "வேர் மருந்து" என்று கேட்டால் ஒரு தூள் டப்பா கிடைக்கும். "காய் பிடிக்கிற மருந்து" என்றால் ஒரு சின்னப் போத்தல் வரும். "செடி நல்லா வளர" என்றால் இன்னொரு போத்தல். மூன்றுக்கும் கடைக்காரர் சொல்லும் பெயர் ஒன்றுதான்: ஓமோன். வாங்குபவர் மூன்றையும் ஒருவித உரம் என்று எண்ணிக்கொள்கிறார். அதனால்தான் ரோஜாத் தண்டுக்கு வளர்ச்சி டானிக் ஊற்றுகிறார்கள், தக்காளிச் செடியைக் காய்ப் போத்தலால் தலைமுதல் கால்வரை நனைக்கிறார்கள், "கொஞ்சம் போட்டு இவ்வளவு பலன் என்றால் நிறையப் போட்டால் என்ன" என்று தூளை அள்ளி அப்புகிறார்கள். ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால், செடிக்குள் இந்தப் பொருட்கள் எங்கே பிறந்து எந்தத் திசையில் போகின்றன என்று தெரிய வேண்டும்.

சோறும் உத்தரவும்

தோட்டத்தில் காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுப்பார்கள். இன்று இந்த மலையில் கொழுந்து, அந்த மலையில் கவ்வாத்து என்று உத்தரவு வரும். அந்த உத்தரவு யாருடைய வயிற்றையும் நிரப்பாது. ஆனால் அது வராவிட்டால் ஆட்களும் கத்தியும் தயாராக இருந்தும் வேலை தொடங்காது. அதேபோல, "மலைக்குப் போங்கள்" என்ற ஒரே உத்தரவுக்குக் கொழுந்துக் கூடை வைத்திருப்பவர் ஒரு வேலை செய்வார், கவ்வாத்துக் கத்தி வைத்திருப்பவர் வேறு வேலை செய்வார்.

யூரியாவும் பொட்டாசும் சோறு. ஒட்சினும் கிபரலினும் உத்தரவு. செடி தன் உடலின் ஒரு பகுதியில் மிகச் சிறிய அளவில் உண்டாக்கி இன்னொரு பகுதிக்கு அனுப்பும் இத்தகைய பொருளைத் தாவர ஓமோன் என்கிறார்கள். அதே வேலையைச் செய்வதற்காக நாம் வெளியிலிருந்து கொடுப்பவற்றையும் சேர்த்துக் குறிக்கும் பெயர்தான் வளர்ச்சிச் சீராக்கிகள். சோறு கூடினால் உடல் கொழுக்கும். உத்தரவு கூடினால் குழப்பம்தான் கூடும்.

ஒட்சின்: மேலிருந்து கீழே

செடியின் நுனிக் குருத்திலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஓமோன் ஒட்சின். சார்ல்ஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட ஆய்வில், புல் நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது வெளிச்சத்தை நோக்கி வளைவதில்லை என்று காட்டினார்கள். வளைவு தோன்றுவது நுனிக்குக் கீழே. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்று ஆகிறது. அந்த ஏதோ ஒன்றை 1920களில் டச்சு ஆய்வாளர் ஃபிரிட்ஸ் வென்ட் பிடித்தார். நாற்று நுனிகளை வெட்டி, ஜெலிபோன்ற அகார் துண்டுகளின் மேல் சிறிது நேரம் வைத்தார். பிறகு நுனியை எடுத்துவிட்டு, வெறும் அகார் துண்டை நுனியற்ற நாற்றின் ஒரு பக்கமாக வைத்தார். நாற்று மறுபக்கமாக வளைந்தது. செய்தி அகாருக்குள் இறங்கியிருந்தது.

தண்டில் இதன் பயணம் நுனியிலிருந்து அடிநோக்கித்தான். கலத்துக்குக் கலம் கைமாறி, மணிக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் போகிறது. ஒரு தண்டை வெட்டித் தலைகீழாக நட்டாலும், முன்பு எது அடியாக இருந்ததோ அந்த முனையில்தான் வேர் வர முயலும். புவியீர்ப்பு இங்கே பெரிய காரணமல்ல. எது மேல், எது கீழ் என்பதைத் தண்டு தன் கலங்களிலேயே வைத்திருக்கிறது.

சுருக்கமாக: ஒட்சின் நுனியில் பிறக்கிறது, அடியை நோக்கிப் போகிறது. கீழே வரப்போகும் எல்லாம் இந்த ஓட்டத்தை வைத்தே நடக்கின்றன.

வெட்டிய தண்டில் வேர் எப்படி வருகிறது

இதைப் பார்க்க நல்ல இடம் தேயிலை நாற்றுமேடை. விதைத் தேயிலை போய் இன்று புதிதாக நடப்படுவது பெரும்பாலும் வெட்டுத்துண்டிலிருந்து வந்த தேயிலைதான். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற வகைகள் இப்படித்தான் பெருகின. தாய்ச் செடியில் கொழுந்து பறிக்காமல் கிளையை ஓடவிட்டு வெட்டுகிறார்கள். நுனியில் உள்ள மிக இளசான பகுதியும், அடியில் சிவந்து முற்றிய பகுதியும் தள்ளப்படும். நடுவில் உள்ள பச்சைத் தண்டுதான் வேண்டியது. அதிலிருந்து ஓர் இலை, அதன் கக்கத்தில் ஓர் அரும்பு, இலைக்குக் கீழே மூன்று சென்ரிமீற்றர் அளவில் தண்டு என்று ஒவ்வொரு துண்டும் வெட்டப்படும்.

இந்தச் சிறு துண்டை உற்றுப் பாருங்கள். அரும்பும் இலையும் ஒட்சின் அனுப்பும் இடங்கள். இலை ஒளியைப் பிடித்து மாவுச்சத்தும் செய்யும்: உத்தரவும் சோறும் ஒரே துண்டில். ஒட்சின் வழக்கம்போல் கீழே இறங்குகிறது. ஆனால் வெட்டு வாயில் வழி முடிந்துவிட்டது. போக இடமில்லாமல் அங்கேயே சேர்கிறது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் மாறிழையம் என்ற மெல்லிய படை உண்டு. தண்டைப் பருக்கச் செய்வது அதன் வேலை. அதை ஒட்டியுள்ள சில கலங்கள், குவிந்த ஒட்சினின் தூண்டுதலால் பழைய வேலையை விட்டுவிட்டு மீண்டும் பிரியத் தொடங்கி, வேரின் முளையாக அமைகின்றன. பிறகு அந்த முளை பட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

இலையை முழுவதும் கிள்ளிவிட்டுக் குச்சியை மட்டும் நட்டால் இத்தகைய பச்சைத் துண்டு ஏன் வீணாகிறது என்பது இப்போது தெளிவாகும். பெரும்பாலான தேயிலை வகைகளுக்கு வேர்த்தூள் தேவைப்படாததற்கும் காரணம் இதுவே. சரியான தண்டு, நிழல், ஈரம் இருந்தால் துண்டு தன் சொந்த ஒட்சினிலேயே வேர்விடுகிறது. நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரங்களில் தாழ்ந்த பகுதிகளைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். வெட்டு வாயில் முதலில் தோன்றும் வெண்மையான முடிச்சு வேர் அல்ல. அது காயத்தை மூடவரும் கலத்திரள், பெயர் கேலஸ். அளவாக இருந்தால் கெடுதல் இல்லை. பையைப் பிரித்துப் பார்க்கும்போது வேரே இல்லாமல் பட்டாணி அளவில் முடிச்சு மட்டும் உருண்டு நின்றால் அது வேறு கதை. தேயிலையில் இதற்கு வழக்கமான காரணம் ஓமோன் குறைவு அல்ல, மண். தேயிலை நாற்றுப்பை மண்ணின் பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அமிலத்தன்மை போதாத மண்ணில் முடிச்சு பெருத்துக்கொண்டே போகும், வேர் வராது. அங்கே எவ்வளவு விலையுயர்ந்த தூளைத் தடவினாலும் பயனில்லை. மண்ணைத்தான் மாற்ற வேண்டும். பைக்கு மேல்மண்ணை அள்ளாமல் அடிமண்ணை எடுக்கச் சொல்வதற்கும், அதில் டொலமைட் கலக்கக் கூடாது என்று கண்டிப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் தூள் எதற்கு?

எல்லாச் செடியும் தேயிலையைப் போல் இல்லை. சிலவற்றின் தண்டில் அடியில் சேரும் ஒட்சின் போதாது, அல்லது வேர் வருவதற்குள் தண்டு அழுகிவிடும். அங்கே அடியில் வெளியிலிருந்து கொஞ்சம் சேர்த்தால் வேர் சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வரும். செடி செய்யும் இயற்கை ஒட்சினின் சுருக்கப் பெயர் ஐ.ஏ.ஏ. அது வெளிச்சத்திலும், செடியின் நொதியங்களாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் அதைவிட நின்று வேலை செய்யும் ஐ.பி.ஏ., சிலவற்றில் என்.ஏ.ஏ. லேபிளில் தேட வேண்டிய பெயர்கள் இவை இரண்டும்தான். அவை இல்லாமல் "வேர் வளர்ச்சி" என்று பெரிதாக எழுதி, உள்ளே கடற்பாசிச் சாறும் பொசுபரசும் இருந்தால் அது சோறு வகை. கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் வெட்டுத்துண்டுக்கு நீங்கள் தேடி வந்தது அதுவல்ல.

அளவை பிபிஎம் என்று எழுதியிருப்பார்கள். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று பொருள். ஒரு கிலோ முகப்பூச்சு மாவில் ஒரு கிராம் ஐ.பி.ஏ. கலந்தால் அது 1000 பிபிஎம் தூள். பச்சைத் தண்டுக்கு 1000 அளவே போதும். ரோஜாவின் ஓரளவு முற்றிய தண்டுக்கு 2000 அல்லது 3000 வரை போகலாம்.

வெலிமடைப் பக்கத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்து ரோஜாவை எடுத்துக்கொள்வோம். பூ உதிர்ந்த தண்டாக, பென்சில் பருமனில் பார்த்து ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டுங்கள். மூன்று நான்கு கணுக்கள் இருந்தால் போதும். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். மேலே இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள்; அது சேமிப்பைத் தின்னும். அடி ஒரு சென்ரிமீற்றரை நீரில் நனைத்து உதறி, தூளில் தொட்டு, விரலால் தட்டி மிச்சத்தை உதிர்க்க வேண்டும். தண்டில் மெல்லிய பனி படிந்ததுபோல் தெரிந்தால் அளவு சரி, மாவில் புரட்டிய வடைபோல் தெரிந்தால் அதிகம். தூள் டப்பாவுக்குள்ளேயே ஈரத்தண்டை விடாதீர்கள். வேண்டிய அளவை ஒரு காகிதத்தில் கொட்டிப் பயன்படுத்தி, மிச்சத்தை எறிந்துவிடுங்கள்.

பாதி மணலும் பாதி தென்னந்தும்பும் கலந்த பையில் முதலில் ஒரு குச்சியால் துளை போட்டு, அதில் தண்டை இறக்கி மண்ணை நெருக்குங்கள். தண்டாலேயே குத்தி இறக்கினால் தூள் முழுவதும் மேலேயே வழிந்துவிடும். பையை வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, மேலே பொலித்தீனால் மூடி ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். மேல் வெட்டில் சிலர் சாணி உருண்டை வைப்பார்கள். அது ஓமோன் வேலை செய்வதற்காக அல்ல, வெட்டு வாய் காய்ந்துபோகாமல் இருக்க. அந்த அளவில் நல்ல வழக்கம்தான். நான்கு முதல் ஆறு வாரத்தில் தண்டை மெல்ல இழுத்துப் பார்த்தால் மண் பிடித்து இழுப்பது கையில் தெரியும். அடிப்பகுதி இருபது பாகை வெப்பத்துக்கு மேல் இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். குளிர்ந்த மாதங்களில் இன்னும் பொறுக்க வேண்டும். தூளைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல.

ஏன் கூட்டக் கூடாது? வேர் தோன்றுவதற்குத்தான் ஒட்சின் அதிகமாக வேண்டும். தோன்றிய வேர் நீள்வதற்கு அதில் மிக மிகச் சிறிய அளவே போதும். வேரைத் தோற்றுவித்த அதே அளவு தொடர்ந்து இருந்தால் வேர் குட்டையாக, தடித்து நின்றுவிடும். ஒருமுறை தொட்டு எடுப்பது இதனால்தான் பொருந்துகிறது: உத்தரவு வந்தது, வேலை தொடங்கியது, பிறகு உத்தரவு மங்கிவிட்டது. வேர்த்தூளை நீரில் கரைத்து வாரந்தோறும் ஊற்றுபவர்கள் செய்வது இதற்கு நேர் எதிரானது.

அளவு மீறியதை அடையாளம் காண்பது கடினமல்ல. அடி ஒரு சென்ரிமீற்றர் கறுக்கும், இலை மஞ்சளாகி உதிரும், தண்டு பச்சையாக இருந்தும் அரும்பு உறங்கிக் கிடக்கும். பக்க அரும்புகளை அடக்கி வைப்பதும் ஒட்சினின் இயல்பான வேலைகளில் ஒன்று. இன்னும் கூட்டினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2,4-டி என்ற களைகொல்லியே சான்று. அதுவும் ஒரு செயற்கை ஒட்சின்தான். அகன்ற இலைக் களைகளை அது பட்டினிபோட்டுக் கொல்வதில்லை, நிற்காத உத்தரவால் முறுக்கிக் கொல்கிறது.

சுருக்கமாக: வெட்டு வாயில் சேரும் ஒட்சினே வேரைத் தோற்றுவிக்கிறது. தூள் அந்தச் சேர்க்கைக்கு ஒருமுறை கொடுக்கும் கைத்தாங்கல். மண், இலை, வெப்பம் மூன்றின் குறையையும் அது ஈடுகட்டாது.

கிபரலின்: நீட்டும் உத்தரவு

ஜப்பானிய நெல் வயல்களில் சில நாற்றுகள் மற்றவற்றைவிட உயரமாக வெளிறி வளர்ந்து, தலைசாய்ந்து, கதிர் தராமல் போகும் நோய் ஒன்று இருந்தது. அதற்குக் காரணமான பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடித்தெடுத்து, பூஞ்சையே இல்லாமல் நல்ல நாற்றுக்குக் கொடுத்தாலும் அதுவும் நெடுநெடுவென நீள்கிறது என்று 1926இல் தைவானில் பணியாற்றிய ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா காட்டினார். அந்தப் பொருளே கிபரலின். செடிகள் தாமாகவே அதைச் செய்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. கணுக்களுக்கு இடையிலான தண்டை நீட்டுவதும், உறங்கும் விதையையும் அரும்பையும் எழுப்புவதும் அதன் முதன்மை வேலைகள்.

மலைநாட்டு விவசாயிக்கு இது உதவும் இடம் உருளைக்கிழங்கு. தோண்டிய உடனே விதைக்கிழங்கு முளைக்காது, அது உறக்கத்தில் இருக்கும். ஒரு சில பிபிஎம் அளவேயான கிபரலின் கரைசலில் சிறிது நேரம் நனைத்தால் முளை சீக்கிரம் எழும். அளவு கூடினால் முளை நூல்போல மெலிந்து நீண்டு, கை பட்டாலே ஒடியும்.

ஆனால் வெட்டுத்துண்டுக்கு இது எதிரி. கிபரலின் கொடுத்த தண்டில் பொதுவாக வேர் குறையும். "ஓமோன் எல்லாம் ஒன்றுதானே" என்று கிபரலின் உள்ள வளர்ச்சிப் போத்தலை ரோஜாத் தண்டுக்கு ஊற்றுவதில் உள்ள வினை இதுதான்.

காய் பிடிப்பது: விதை அனுப்பும் செய்தி

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி வாங்கினால் தின்பதற்கு முன் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் பொட்டுகள்தான் தாவரவியலின்படி அதன் கனிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. சிவந்த சதை பூவின் அடிப்பகுதி வீங்கி வந்தது. சில பழங்கள் ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் சூம்பியிருக்கும். சூம்பிய பக்கத்தில் பொட்டுகள் மிகச் சிறியதாக நெருங்கிக் கிடக்கும். அங்கே மகரந்தம் சேரவில்லை, விதை உருவாகவில்லை. பொட்டுகளுக்கும் சதைக்கும் உள்ள தொடர்பை 1950இல் நிச் என்ற ஆய்வாளர் காட்டினார். இளம் காயிலிருந்து பொட்டுகளை எல்லாம் அகற்றியபோது சதை வளரவில்லை. அகற்றிய இடத்தில் ஒட்சின் பசையைத் தடவியபோது வளர்ந்தது. சதைக்கு "வளர்" என்று சொல்வது விதை. சொல்லப் பயன்படுத்தும் பொருள் ஒட்சின்.

தக்காளியிலும் இதே ஏற்பாடுதான். பூக்காம்பின் நடுவில் முழங்கால் மூட்டுப்போல ஒரு முடிச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவிலிருந்து காம்பு வழியாக ஒட்சின் இறங்கிக்கொண்டிருக்கும்வரை அந்த மூட்டு உறுதியாக இருக்கும். கருத்தரித்து விதை உருவானால் ஓட்டம் வலுக்கும், சூலகத்தில் கிபரலினும் சுரக்கும், காய் பருக்கும். கருத்தரிக்காவிட்டால் ஓட்டம் வற்றும், மூட்டு மஞ்சளாகும், காம்பு சரியாக அந்த இடத்தில் கழன்று பூ விழும். விழுந்த பூவைக் கையில் எடுத்தால் மூட்டுக்கு மேலே உள்ள பாதிக் காம்பு அதனுடன் வந்திருப்பதைக் காணலாம்.

மலைநாட்டில் கருத்தரிப்புத் தவறுவதற்கு இரண்டு காரணங்கள் முன்னால் நிற்கின்றன. இரவுக் குளிர் சுமார் 13 பாகைக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் மகரந்தம் சரியாக உருவாகாது. சனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் இது சாதாரணம். இரண்டாவது, பொலித்தீன் கூடாரத்துக்குள் காற்று இல்லை, வண்டும் இல்லை. தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தத்தைக் கொட்டும்.

இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு முன் போத்தலைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. வெயில் ஏறிய காலை வேளையில், ஒரு வாரம், செடி கட்டிய கம்பியை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். பூ உதிர்வது குறைந்தால் குறை அதிர்வில்தான் இருந்தது, செலவே இல்லை. தட்டியும் உதிர்ந்தால், இரவும் குளிராக இருந்தால், மகரந்தமே இல்லை என்று கொள்ளலாம். அப்போதுதான் விதை அனுப்ப வேண்டிய செய்தியை நாம் அனுப்புவதில் பொருள் உண்டு.

இதற்குப் பல நாடுகளில் பயன்படும் செயற்கை ஒட்சின் 4-சி.பி.ஏ. வேர்த்தூளில் ஆயிரக் கணக்கில் பேசினோம். இங்கே வழக்கமான அளவு 15 முதல் 50 பிபிஎம் வரைதான். குளிரில் மேல் அளவுக்கு அருகில், வெயில் ஏறினால் கீழ் அளவுக்கு அருகில் என்று பயன்படுத்துகிறார்கள். வாங்கும் போத்தலின் லேபிளில் தக்காளி என்றும் கலக்கும் அளவும் எழுதியிருக்க வேண்டும், அந்த அளவே முடிவு. ஒரு கொத்தில் மூன்று நான்கு பூக்கள் விரிந்த பிறகு, கைத்தெளிப்பானால் அந்தக் கொத்தின் மேல் மட்டும் ஒரு முறை. மறு கையை இலைகளுக்கும் பூவுக்கும் நடுவில் தடுப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், கையுறையோடு.

தடுக்காமல் விட்டால் அடுத்து வரும் குருத்திலைகள் அகலம் இழந்து, நரம்புகள் நெருங்கி, வார்போலச் சுருண்டு வரும். வைரசு என்று எண்ணிச் செடியைப் பிடுங்கியவர்கள் உண்டு. பக்கத்து நிலத்தில் 2,4-டி அடித்த காற்று பட்டாலும் தக்காளி இதே கோலத்தைக் காட்டும், இரண்டும் ஒட்சின் என்பதால். காயிலும் கவனிக்க வேண்டியது உண்டு. விதையில்லாமல் சுவர் மட்டும் வளர்ந்த காய், வெட்டினால் உள்ளே வெற்றிடமாக, கூழ் குறைவாக இருக்கும். ஒரே கொத்துக்கு இரண்டு மூன்று முறை அடித்தால் அடியில் முலைக்காம்புபோல் கூர் நீட்டிக்கொள்ளும். சந்தையில் அந்தக் கூரைப் பார்த்தவுடனே தரம் பிரிப்பவர் ஒதுக்கிவிடுவார்.

இன்னொரு வரம்பும் உண்டு. மருந்தால் கொத்தின் எல்லாப் பூக்களும் காயானால், அவற்றைப் பெருக்கவைக்கும் சோறு இலையிலிருந்துதான் வர வேண்டும். பனிமூட்டத்தில் வெளிச்சம் குறைந்த வாரங்களில் அது எல்லாவற்றுக்கும் போதாது, காய்கள் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். அந்த வாரங்களில் கொத்துக்கு நான்கைந்து காய்களை மட்டும் விட்டு, மீதியைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுவதே வழி.